நிழல் அளந்தால் ஊர் ஏன் கடலுக்குள் போகிறது? நண்பகல் நிழல் படத்திலிருந்து அட்சரேகை காண்பதில் வரும் பிழைகளும் நீக்கும் வழியும்

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழோடு கொஞ்சம் கணக்கும் சேர்த்துச் சொல்லித் தருவது வழக்கம். ஆண்டுக்கு மூன்று முறை, ஜூன் மாதத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் தைப்பூசக் காவடியை ஒட்டியும், ஒரு மீட்டர் குச்சியை நட்டு நண்பகல் நிழலைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதிலிருந்து எங்கள் ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். விடை தெற்கு 20.2 பாகை என்று வர வேண்டும். ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எங்கள் தீவோ வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை 65 கிலோமீட்டர்தான். ஆகவே முக்கால் பாகை பிசகினாலே ஊர் கடலுக்குள் போய்விடும். பல ஆண்டுகளாக ஊர் கடலுக்குள் போவதைப் பார்த்துத் திருத்தி வந்ததில், விடை எவ்வளவு பிசகியிருக்கிறது, எந்தப் பருவத்தில் பிசகியிருக்கிறது என்ற இரண்டையும் கேட்டால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும் என்று கண்டுகொண்டேன். அதைத்தான் இங்கே அடையாளம் வாரியாக எழுதுகிறேன்.

கணக்கு இரண்டே படி. முதலில், சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று காண வேண்டும். இதை உச்சிக்கோணம் என்று சொல்கிறேன். விரிதாளில் இப்படி எழுதலாம். முதலில் வருவது நிழல், அடுத்தது குச்சியின் உயரம்:

```
=DEGREES(ATAN(95.5/100))
```

இது 43.7 தரும். அடுத்து, அந்த நாளில் சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதை ஒரு வானியல் அட்டவணையில் பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இதற்கு விலக்கம் என்று பெயர். ஜூன் 21 அன்று விலக்கம் வடக்கு 23.4. 43.7-இலிருந்து அதைக் கழித்தால் 20.3 வருகிறது. ரோஸ்ஹில் அதுதான்.

## விடை நம்பவே முடியாததாக வருகிறது: 0.1, 97, 67

0.1 போன்ற உச்சிக்கோணம் வந்தால் கணக்குப்பொறி பாகையில் இல்லாமல் ரேடியனில் இருக்கிறது. மேலே உள்ள வரியில் `DEGREES` விட்டுப்போனாலும் இதே விளைவுதான்.

90-க்கு மேல் விடை வந்தால் நிழலையும் உயரத்தையும் இடம் மாற்றி வகுத்திருக்கிறீர்கள். இது கோடையில் உடனே தெரிந்துவிடும். ஜூனில் அப்படித் தெரியாது. அப்போது நிழலும் குச்சியும் ஏறக்குறைய ஒரே நீளம், ஆகவே மாற்றி வகுத்தாலும் 22.9 என்று நம்பத்தகுந்த விடை வந்து நிற்கும். குளிர்காலத்தில் 22.9 வந்தால் முதலில் இந்த வகுத்தலைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூனில் 67 வந்தால், கழிக்க வேண்டிய விலக்கத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். தென்துருவ வட்டத்துக்கே போய்விட்ட விடை என்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

## டிசம்பரில் அல்லது பொங்கலன்று 22, 26 என்று வருகிறது

மேலே சொன்ன பிழையின் மறைவான வடிவம் இது. எங்கள் தீவு மகரரேகைக்கு வடக்கே இருப்பதால் ஏறத்தாழ நவம்பர் 22 முதல் ஜனவரி 20 வரை நண்பகல் சூரியன் எங்களுக்குத் தெற்கே நிற்கிறது. அந்த இரண்டு மாதமும் நிழல் வடக்கே விழும். மற்ற நாட்களில் தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் 5.6 சென்டிமீட்டர், உச்சிக்கோணம் 3.2, விலக்கம் தெற்கு 23.4. இரண்டையும் கூட்டினால் 26.6. கழித்தால் 20.2. பிசகு உச்சிக்கோணத்தின் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் காரணம் இதுதான், வேறு எதையும் தேட வேண்டாம்.

நிழல் தெற்கே விழுந்தால்: சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் மாதங்களில், அதாவது மார்ச் 20 முதல் செப்டம்பர் 22 வரை, உச்சிக்கோணத்திலிருந்து விலக்கத்தைக் கழியுங்கள், மற்ற மாதங்களில் இரண்டையும் கூட்டுங்கள். நிழல் வடக்கே விழுந்தால் விலக்கத்திலிருந்து உச்சிக்கோணத்தைக் கழியுங்கள். ஆகவே படத்தில் திசை தெரிந்தாக வேண்டும். குச்சிக்குத் தெற்கே ‘தெ’ என்று எழுதிய தாளை வைத்துவிட்டுப் படம் எடுப்பது எங்கள் வகுப்பில் கட்டாயம். வீட்டுக்குப் போன பிறகு படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் வடக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

திசை சரியாக இருந்தும் பொங்கலன்று 22.4 வந்தால் விலக்கத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். தை முதல் நாள் உத்தராயணம் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்வதை வைத்து, அன்றைக்குத்தான் சூரியன் தெற்கே கடைசி எல்லையில் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு 23.4 போட்டுவிடுகிறார்கள். பஞ்சாங்கத்தின் ராசிகள் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டவை. சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். ஜனவரி 14 வருவதற்குள் விலக்கம் 21.2-க்கு வந்துவிடுகிறது. விலக்கத்தை எப்போதும் அந்த ஆண்டுக்கான வானியல் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும்.

## கோடையில் மட்டும் ஒன்று இரண்டு பாகை கூடுதல்

அதிகமாக வரும் குறை இதுதான். பிள்ளைகள் கவனமாக அளந்தும் வருவதால் அவர்களுக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். ஒரு நாளை முழுதாகச் சொல்கிறேன்.

2025-இல் காவடி பெப்ரவரி 11 அன்று வந்தது. அன்று விலக்கம் தெற்கு 13.9. ஒரு மாணவி தன் வீட்டு முற்றத்தில் சரியாக 12 மணிக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நிழல் 15.1 சென்டிமீட்டர். உச்சிக்கோணம் 8.6, கூட்டினால் 22.5. ஊர் 250 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது. குச்சி நேராக இருந்தது, நாடா சரியாக இருந்தது, கூட்டலும் சரி. ஆனால் படத்தில் நிழல் தெற்கே விழவில்லை, தென்மேற்கே விழுந்திருந்தது. அதைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. நண்பகல் இன்னும் வரவில்லை.

கடிகாரத்தின் 12 மணியும் சூரியனின் நண்பகலும் ஒன்றல்ல. எங்கள் கடிகாரம் கிழக்கு 60 பாகைத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் இருப்பதோ 57.5-இல். அதனால் நண்பகல் 10 நிமிடம் பிந்துகிறது. இதற்கு மேல் சூரியன் ஆண்டு முழுவதும் சீராக ஓடுவதில்லை என்பதால் இன்னும் சில நிமிடங்கள் கூடும் அல்லது குறையும். ரோஸ்ஹில்லில் உண்மையான நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 11:54-க்கு வருகிறது. பெப்ரவரி நடுவில் 12:24-க்கு வருகிறது. காவடி நாளில் 12:24-க்கு அதே குச்சியின் நிழல் 11.1 சென்டிமீட்டர்தான் இருக்கும். உச்சிக்கோணம் 6.3, விடை 20.2.

ஜூனில் இதே தவறைச் செய்தால் என்ன ஆகும்? நண்பகல் 12:12-க்கு, 12 மணிக்கே எடுத்தாலும் பிசகு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். சூரியன் தாழ்வாக இருக்கும்போது நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மெதுவாக மாறுகிறது. தலைக்கு மேலே இருக்கும்போது வேகமாக மாறுகிறது. அதனால்தான் ஜூனில் நன்றாக வந்த முறை பெப்ரவரியில் கைவிடுகிறது. குளிர்காலத்தில் நல்ல விடையும் கோடையில் கூடுதல் விடையும் வந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். (நிழல் வடக்கே விழும் அந்த இரண்டு மாதங்களில் மட்டும் இதே தவறு விடையைக் குறைத்துக் காட்டும்.)

செலவில்லாத தீர்வு: ஒரே படத்தை நம்பாமல் நண்பகலுக்கு 20 நிமிடம் முன்பே தொடங்கி, 20 நிமிடம் பின்பு வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். மிகக் குறைந்த நிழல் எதுவோ அதுவே நண்பகல் நிழல். இரண்டு நிமிடம் பிசகினால் காவடி நாளில்கூட நூறில் இரண்டு பாகைதான் தவறும். நடுவில் மேகம் வந்து அந்த முக்கியமான படம் கெட்டுவிட்டால் கவலை வேண்டாம். முன்னால் 14 சென்டிமீட்டர் இருந்த நேரத்தையும், பின்னால் மறுபடியும் 14 ஆன நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே நண்பகல். கோவில் கட்டுவதற்குச் சங்கு என்னும் முளைக்குச்சியை நட்டுக் கிழக்கு மேற்குப் பார்த்த நம் சிற்பிகள் செய்ததும் இதைப் போன்றதுதான்: காலையும் மாலையும் நிழல் ஒரே வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டார்கள்.

நேரத்தைப் படத்திலிருந்து எடுப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. செய்திச் செயலி வழியாக அனுப்பிய படத்தில் `DateTimeOriginal` என்ற பதிவு பெரும்பாலும் அழிந்துவிடும். கோப்பில் தெரிவது அனுப்பிய நேரம் மட்டுமே. படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது ஒரு கைக்கடிகாரத்தை நிழலுக்கு அருகே வைத்துவிட்டால் எந்தச் செயலியாலும் அதை அழிக்க முடியாது.

## குளிர்காலத்தில் மட்டும் ஒன்றரைப் பாகை குறைவு

ஜூனில் 18.8, பெப்ரவரியில் 19.9 என்ற மாதிரி வந்தால் குச்சியின் உயரம் தவறு. ஒரு மீட்டர் குச்சியைப் பூந்தொட்டி மண்ணில் 5 சென்டிமீட்டர் செருகி நிறுத்திவிட்டு 100 என்றே வகுத்திருப்பார்கள். நிழல் விழும் தரையிலிருந்து நுனி வரை உள்ள உயரமே கணக்குக்கு வேண்டும். தொட்டி உயரமாக இருந்து நிழல் கீழே தரையில் விழுந்தால் விடை எதிர்ப்பக்கம் கூடும். ஒவ்வொரு முறையும் நட்ட பிறகு நாடாவைப் பிடித்து அளந்து அந்த எண்ணையும் தாளில் எழுதிப் படத்துக்குள் வைத்துவிடுங்கள்.

## படத்தில் அளந்தால் ஒன்று, தரையில் அளந்தால் வேறு

ஜூனில் ஒரு பையன் படத்தில் குச்சி எத்தனை புள்ளி, நிழல் எத்தனை புள்ளி என்று எண்ணி வகுத்தான். 0.67 வந்தது, விடை 10.4. அது எங்கள் நாட்டைச் சேர்ந்த அகலேகாவின் அட்சரேகை, ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

குச்சி மேலே நோக்கி நிற்கிறது. நிழல் தரையில் படுத்திருக்கிறது. ஒரே படத்தில் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும். எவ்வளவு கூர்மையான படமாக இருந்தாலும் இந்த விகிதத்துக்கு மதிப்பில்லை. கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுத்தால் குச்சி ஒரு புள்ளியாகிவிடும், அப்போதும் விகிதம் கிடைக்காது. ஆகவே குச்சியின் உயரத்தைப் படத்திலிருந்து எடுக்கவே கூடாது. அது முன்பே நாடாவால் அளந்ததாக இருக்க வேண்டும். படத்திலிருந்து எடுக்க வேண்டியது நிழலின் நீளம் ஒன்றுதான்.

அதற்கு எளிய வழி, நிழலை ஒட்டித் தரையிலேயே ஓர் அளவு நாடாவை விரித்து வைப்பது. பூஜ்யம் குச்சியின் அடியில் இருக்கட்டும். நாடாவும் நிழலும் ஒரே தரையில் ஒட்டிக் கிடப்பதால் எந்தக் கோணத்தில் எடுத்தாலும் நிழல் முடியும் இடத்தில் நாடாவின் எண்ணைப் படித்துவிடலாம். படம் சாட்சி மட்டுமே, அளவு நாடாவுடையது.

நாடா இல்லாத படம் வந்துவிட்டதென்றால் தரையில் ஓடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டின் பக்க அளவு தெரிந்தால், படத்திருத்தச் செயலியில் உள்ள சாய்வுத் திருத்தத்தால் ஓடுகளை மறுபடியும் சதுரமாக்கி அதன் பிறகு நிழலை அளக்கலாம். அகன்ற கோண லென்ஸில் (திரையில் `0.5x`) எடுத்த படத்தில் ஓட்டின் கோடுகளே வளைந்திருக்கும். அதை விட்டுவிடுவது நல்லது. `1x`-இல், நிழலைப் படத்தின் நடுவே வைத்து எடுக்க வேண்டும். தரையில் அளவு தெரிந்த பொருள் எதுவுமே இல்லாத படத்தைத் திருத்த முயலாதீர்கள். மறுநாள் புதிதாக எடுப்பது எளிது.

## கால் பாகை, அரைப் பாகை எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

இதுவரை சொன்னவை எல்லாம் சரியாகி 19.9 அல்லது 20.6 என்று நிற்கும் நிலை இது. மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பிசகைத் தரும், ஆனால் நடத்தை வேறு.

முதலாவது, நிழலின் மங்கலான நுனி. சூரியன் ஒரு புள்ளி இல்லை. அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஜூனில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்கு மங்கிக் கரைகிறது. எல்லோரும் நன்றாகக் கருத்திருக்கும் இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆகவே நிழல் குறைந்து கால் பாகை போய்விடுகிறது. அடையாளம்: ஜூனில் 20.0 வருவது, நிழல் வடக்கே விழும் டிசம்பரில் 20.5 ஆகும். தீர்வு ஓர் அட்டைத் துண்டு. பத்து சென்டிமீட்டர் அட்டையில் 4 மில்லிமீட்டர் துளை போட்டுக் குச்சியின் தலையில் கிடைமட்டமாக ஒட்டுங்கள். துளை குச்சியை விட்டுச் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். அட்டையின் நிழலுக்குள் ஒரு சின்ன ஒளி வட்டம் விழும். அதன் நடுவை நாடாவில் படியுங்கள். நுனி எங்கே முடிகிறது என்ற வாக்குவாதமே இதனால் நின்றுவிடும்.

இரண்டாவது, குச்சியின் சாய்வு. நிழல் விழும் திசையில் குச்சி ஒரு பாகை சாய்ந்தால் காவடிக் காலத்தில் ஏறக்குறைய ஒரு பாகையும் ஜூனில் அரைப் பாகையும் பிசகும். குச்சியைத் தாங்கியோடு அரை வட்டம் திருப்பி உடனே மறுபடியும் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு நிழலும் வேறுபட்டால் குச்சி சாய்ந்திருக்கிறது. சராசரி எடுத்தால் தாங்கியில் உள்ள கோணல் நீங்கும். இதைவிட நல்ல வழி, துளையின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அது தரையைத் தொடும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வது. நிழலையும் உயரத்தையும் அந்தக் குறியிலிருந்து அளந்தால் குச்சி எப்படிச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை.

மூன்றாவது, தரையின் சரிவு. முற்றமோ மொட்டைமாடியோ மழைநீர் வடிய ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிந்திருப்பது சாதாரணம். புயல் மழை கொட்டும் இந்த ஊரில் சரிவில்லாமல் யாரும் தளம் போடுவதில்லை. தூக்குக்குண்டு வைத்த பிறகு இந்தச் சரிவு பெப்ரவரியில் ஒன்றும் செய்யாது. ஜூனில் நீண்ட நிழல் சரிவோடு ஓடுவதால் கால் பாகை தவறும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். நீளம் போதாவிட்டால் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் ஒரு முனையைக் குறியிலும் மறு முனையை நிழல் நுனியிலும் பிடித்துத் தாழ்வை அளங்கள். ஒளி வட்டம் விழும் இடம் குறியைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் உயரத்தை 100 என்று போடாமல் 101 என்று போடுங்கள், உயர்ந்திருந்தால் 99. பிழை அதோடு நீங்கும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

துளை அட்டை, தூக்குக்குண்டு, தண்ணீர்க் குழாய், வரிசைப் படங்கள் நான்கும் இருந்தால் பத்தில் ஒன்று இரண்டு பாகைக்குள் விடை வரும். அதாவது 11 முதல் 22 கிலோமீட்டர். அதைவிடத் துல்லியம் இந்தக் குச்சிக்கு இல்லை. ரோஸ்ஹில்லையும் கியூர்பிப்பையும் பிரித்துச் சொல்லும்படி இதைக் கேட்காதீர்கள். கைப்பேசியின் இடங்காட்டி தரும் எண்ணோடு ஒப்பிடுவது கடைசியில் செய்ய வேண்டிய சோதனை. அதை முதலிலேயே பார்த்தால் பிள்ளைகளின் கண் அந்த எண்ணை நோக்கியே நிழலைப் படித்துவிடும்.

ஜூனில் ஒரே பக்கமாக 0.3 பாகைக்கு மேல் தொடர்ந்து பிசகினால் முதலில் வேறொரு நாடாவை வைத்து அளந்து பாருங்கள். பழைய துணி நாடா சீரில்லாமல் நீண்டுபோயிருக்கலாம். அதன் பிறகும் தீராவிட்டால் நில அளவையாளர் ஒருவரைக் கேளுங்கள். அவருடைய மட்டக் கருவியால் உங்கள் தளத்தின் சரிவைச் சில நிமிடங்களில் மில்லிமீட்டர் வரை சொல்லிவிடுவார். நிரந்தரமாக ஒரு கம்பத்தைப் பள்ளி முற்றத்தில் நடப்போகிறீர்கள் என்றால் சிமெண்ட் போடுவதற்கு முன்பே அவரை அழைப்பது நல்லது. போட்ட பிறகு ஒரு பாகை சாய்ந்த கம்பத்தை யாராலும் நிமிர்த்த முடியாது. குடும்பத்தின் பழைய புகைப்படம் ஒன்றில் விழுந்த நிழலை வைத்து எந்த ஊர் என்று காண விரும்புகிறவர்கள், தரையில் அளவு தெரிந்த செவ்வகம் ஒன்றும் எடுத்த நாளும் தெரிந்தால் மட்டும், படத்திலிருந்து அளவெடுக்கும் பயிற்சியுள்ளவரிடம் கொடுக்கலாம். நாள் தெரியாவிட்டால் விலக்கம் இல்லை, விலக்கம் இல்லாமல் அவராலும் அட்சரேகை சொல்ல முடியாது.